மறுமணமும் குடும்பப் பென்ஷனும்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் இளவயதிலேயே கணவனை இழந்த பெண்ணுக்கு மறுமணம் செய்து வைக்கப் பெற்றோர் முன்வருவது இன்று அபூர்வமன்று. ஆனால் வரன் அமைந்து, இரு வீட்டாரும் இசைந்து, நாள் குறிக்க வேண்டிய வேளையில், “மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடுமே, குழந்தைகளின் படிப்புக்கு என்ன செய்வது?” என்ற கேள்வி எழுகிறது. சிலர் அந்தப் பயத்தினால் பேச்சை அவ்வளவோடு நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, ஆபீசுக்குத் தெரிவியாமல் பென்ஷனைத் தொடர்ந்து வாங்குகின்றனர். இவ்விரண்டும் விதியை அறியாமையால் நேர்பவை. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாம் அறிந்த அளவில், அவ்விதியை இங்கே விளக்க முற்படுகிறோம். ரயில்வே ஊழியர் குடும்பங்களை முன்னிட்டே எழுதுகிறோம். மத்திய அரசின் மற்ற இலாகாக்களிலும் இதே முறைதான். மாநில அரசு ஊழியர்க்கும் வருங்கால வைப்பு நிதியின்கீழ் வருவோர்க்கும் விதிகள் வேறு.

ரயில்வே ஊழியர் பென்ஷன் விதிகள் 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டவை. அவற்றின்படி குடும்பப் பென்ஷன் கைம்பெண்ணுக்கு அவர் உயிரோடிருக்கும் வரை, அல்லது மறுமணம் செய்துகொள்ளும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை உரியது. இவ்வளவைக் கேட்டதுமே பலரும் மனம் தளர்ந்துவிடுகின்றனர். அதற்கு அடுத்து வருவதை அவர்கள் கவனிப்பதில்லை. தாயின் பாத்தியதை முடிந்த மறுநாளே அந்தப் பென்ஷன் இறந்த ஊழியரின் குழந்தைக்கு உரியதாகிறது. முதலில் மூத்த குழந்தைக்கும், அதன் தகுதி முடிந்தபின் அடுத்த குழந்தைக்கும் என வரிசையாகச் செல்லும். குழந்தைக்கு 25 வயது நிறையும் வரை, அல்லது அதற்கு முன்னரே மணமாகும் வரை, அல்லது சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கும் வரை அது கிடைக்கும். உடலாலோ மனத்தாலோ ஊனமுற்று, தானே பிழைக்க இயலாத குழந்தைக்கு விதிக்குட்பட்டு ஆயுள் முழுவதும் உண்டு. இரண்டாம் மணத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதற்கணவரின் பென்ஷனில் பாத்தியதை இல்லை.

ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். கரக்பூரில் வேலையிலிருந்த ஒருவர் 2021ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி பணியிலிருக்கும்போதே காலமானார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். மகள் 2012 ஜூனிலும் மகன் 2015 ஆகஸ்டிலும் பிறந்தவர்கள். பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் 10 ஆண்டுகள் சம்பளத்தில் பாதி, அதாவது 20,000 ரூபாய், உயர்ந்த விகிதத்தில் கிடைக்கும். அதன்பின் சாதாரண விகிதமாகிய நூற்றுக்கு 30 வீதம், 12,000 ரூபாயாகும். இவற்றின்மேல் பஞ்சப்படி தனி.

அந்த அம்மாள் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி மறுமணம் செய்துகொள்கிறார். அன்றோடு அவரது பாத்தியதை முடிகிறது. பிப்ரவரி 10ஆம் தேதி முதல் அதே 20,000 ரூபாயும் பஞ்சப்படியும் மகளுக்கு உரியவை. பத்தாண்டுக் கணக்கு தந்தை இறந்த நாளிலிருந்து ஓடுவதால், உயர்ந்த விகிதம் 2031 மார்ச் 14 வரை நீடிக்கும். தாயின் மணத்தால் அது குறைவதில்லை. பிறகு 12,000 ரூபாய் வீதம், மகளுக்கு 25 வயது நிறையும் 2037 ஜூன் வரை கிடைக்கும். இடையில் மகளுக்கு மணமானாலோ வேலை கிடைத்தாலோ அப்போதே தம்பிக்கு மாறும். தம்பிக்கு 2040 ஆகஸ்டு வரை வாய்ப்புண்டு. ஆக, பென்ஷன் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பெறுபவரின் பெயர் மட்டும் மாறிற்று.

குழந்தை மைனராயின் பணம் காப்பாளர் மூலமாகக் கொடுக்கப்படும். இந்துக்களுக்குப் பொருந்தும் 1956ஆம் ஆண்டின் மைனர், காப்பாளர் சட்டப்படி தந்தைக்குப்பின் தாயே இயற்கைக் காப்பாளர். மறுமணம் செய்துகொண்டதால் அவர் அந்த நிலையை இழப்பதாக அச்சட்டம் கூறவில்லை. “நீ வேறு வீட்டுக்குப் போய்விட்டாய், குழந்தையின் பணம் எங்கள் கைக்கு வரவேண்டும்” என்று முதற்கணவர் வீட்டார் சொல்வதுண்டு. கோர்ட்டார் வேறொருவரைக் காப்பாளராக நியமித்தாலன்றி, அந்தப் பேச்சுக்குச் சட்டபலம் இல்லை.

குழந்தையே இல்லாத கைம்பெண்ணின் நிலை வேறு. ஆறாவது சம்பளக் கமிஷனின் சிபாரிசுக்குப்பின், 2008 செப்டம்பரில் பிறந்த உத்தரவின்படி, அவர் மறுமணம் செய்துகொண்ட பின்னும் பென்ஷனைத் தொடர்ந்து பெறலாம். அவரது சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்பப் பென்ஷனுக்கும் அதன் பஞ்சப்படிக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 9,000 ரூபாய். 2025 ஜூலை முதல் பஞ்சப்படி நூற்றுக்கு 58 வீதமாக இருந்ததால், அப்போது வரம்பு 14,220 ரூபாய் ஆயிற்று. பஞ்சப்படி ஏறும்போது வரம்பும் ஏறும்.

இங்கே கணக்கில் வருவது அப்பெண்ணின் சொந்த வருமானம்: அவர் வாங்கும் சம்பளம், அவர் பெயரிலுள்ள வீட்டு வாடகை, டிபாசிட் வட்டி முதலியன. புதுக்கணவரின் சம்பளம் அவருடையதாகாது. தையல் வேலையில் மாதம் 8,000 ரூபாய் ஈட்டும் பெண்ணுக்குப் பென்ஷன் தொடரும். அவரே 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்திருந்தால், மேற்சொன்ன 2025ஆம் ஆண்டு வரம்பின்படி அது நின்றிருக்கும். இச்சலுகையைப் பெறுவோர் ஆறு மாதத்துக்கொரு முறை வருமான அறிக்கை தரவேண்டுமென்று அந்த 2008ஆம் ஆண்டு உத்தரவு விதித்தது. இச்சலுகை கைம்பெண்ணுக்கு மட்டுமே. மனைவியை இழந்து அவளது பென்ஷனைப் பெறும் ஆண், குழந்தையில்லாதவராயினும், மறுமணம் செய்தால் அதை இழப்பார்.

இனி, தெரிவிக்க வேண்டிய முறையைச் சொல்வோம். குடும்பப் பென்ஷன் தொடங்கும்போதே, மறுமணம் நேர்ந்தால் உடனே தெரிவிப்பதாகக் கைம்பெண்ணிடம் எழுதி வாங்குகின்றனர். பல பத்திரங்களோடு ஒன்றாகக் கையெழுத்திட்டதால் பலருக்கு அது நினைவிருப்பதில்லை. நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கும்போதும், கைரேகை அல்லது முகம் காட்டிக் கணினிவழி கொடுக்கும் சான்றில், மறுமணம் ஆயிற்றா என்ற கேள்வி உண்டு. அதற்கு ‘இல்லை’ என்று உண்மைக்கு மாறாகப் பதிவது பொய்ச் சான்று கொடுப்பதாகும்.

தகவல் இரண்டு இடங்களுக்குப் போகவேண்டும். ஒன்று, பென்ஷன் வழங்கும் வங்கி. மற்றொன்று, பென்ஷனை மஞ்சூர் செய்த ஆபீஸ். அதாவது ஊழியர் கடைசியாக வேலை பார்த்த டிவிஷனின் ஊழியர் இலாகாவில் பைசல் பகுதி. வங்கிக்கு மட்டும் எழுதினால் தாயின் பென்ஷன் நிற்கும், குழந்தையின் பென்ஷன் தொடங்காது. ஏனெனில் குழந்தையின் பெயருக்கு ஆபீசார் புதிய உத்தரவு பிறப்பித்தால்தான் வங்கி பணம் கொடுக்க இயலும். நடைமுறையில் குடும்பங்கள் மாதக்கணக்காகத் தவிப்பது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தினாலேயே. ஆகையால் இரு கடிதங்களையும் ஒரே நாளில் அனுப்புவது நன்று.

கடிதத்தில் இறந்த ஊழியரின் பெயர், பதவி, இறந்த தேதி, பி.பி.ஓ. என வழங்கும் பென்ஷன் உத்தரவின் எண், வங்கிக் கணக்கு எண், மறுமணம் நடந்த தேதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதுக. மணச்சான்று இருப்பின் அதன் நகலை இணைக்க. குழந்தைகளுக்காக ஆபீசில் கிடைக்கும் நமூனாவில் தனி மனுவும், பிறப்புச் சான்றுகளும், காப்பாளர் விவரமும், குழந்தையின் பெயரில் தொடங்கிய வங்கிக் கணக்கின் விவரமும் வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுவது காரியத்துக்கு உதவும். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குக. தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துக.

தேதியைக் குறித்து ஒரு வார்த்தை. கோயிலில் தாலி கட்டியாயிற்று, இன்னும் பதிவு செய்யவில்லை, ஆகவே மணம் ஆகவில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். முறைப்படி சடங்கு நடந்துவிட்டால் பதிவில்லாவிடினும் இந்துக்களின் மணம் செல்லும். ஆகையால் தெரிவிக்க வேண்டியது சடங்கு நடந்த தேதியே. நிச்சயதார்த்தத்தைத் தெரிவிக்க வேண்டியதில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே உதாரணத்தில் காண்போம். அந்த அம்மாள் தெரிவியாமல் 2025 மார்ச் முதல் டிசம்பர் வரை பத்து மாதம் வாங்கிவிட்டார் எனக் கொள்க. ஜூன் வரை பஞ்சப்படி நூற்றுக்கு 55 வீதம். ஆக மாதம் 31,000 ரூபாய். ஜூலை முதல் 31,600 ரூபாய். மொத்தம் 3,13,600 ரூபாயைத் திருப்பிக் கட்டும்படி தாக்கீது வரும். பிப்ரவரியின் எஞ்சிய நாட்கள் இதில் சேரவில்லை. உண்மை வெளிப்படும் வழிகளும் பல. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் கணவர் பெயர் மாறும். உறவினர் யாரேனும் கோபத்தில் மொட்டைக் கடிதம் எழுதுவர். தாய் வாங்கிய தொகை வசூலாகும் வேளையில், மகளின் மனு அப்போதுதான் விசாரணைக்கு வரும். மகளுக்கு நியாயமாக உரிய பணம், தாயின் பெயரில் வந்ததனாலேயே கடனாக மாறிவிடுகிறது. கடிதம் கொடுத்த பின்னும் வங்கி தவறுதலாகப் பணம் வரவு வைத்தால், அதைத் தொடாமல் கணக்கிலேயே விட்டுவைத்து, மீண்டும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஆதலால் சம்பந்தம் பேசும் வீட்டார் முதலில் பென்ஷன் உத்தரவை எடுத்து, ஊழியர் இறந்த தேதியையும் உயர்ந்த விகிதம் முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைகளின் பிறப்புச் சான்றுகளில் உள்ள பெயரும், ஆபீஸ் பதிவேட்டில் ஊழியர் கொடுத்த குடும்ப விவரத்திலுள்ள பெயரும் ஒன்றாயிருக்கின்றனவா என்பதையும் முகூர்த்தத்துக்கு முன்னரே சரிபார்க்கட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மனு திரும்பி வரும். அதைத் திருத்திக்கொள்ளும் காலம் மணத்துக்கு முன்புதான். அதைச் செய்துவிட்டால், மணநாளுக்கு மறுநாள் இரு கடிதங்களை அனுப்புவதே எஞ்சியிருக்கும் வேலை.