வாழைப்பழமும் சுத்தியலும்: மீம் டெம்ப்ளேட் ஏன் பழசாவதில்லை?

2023ல தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது, நவம்பர் 12. அன்னைக்குக் காலையில எங்க நெய்வேலி டவுன்ஷிப் பள்ளி நண்பர்கள் வாட்ஸப் குழுவுல ஒரு மீம் விழுந்தது. 'கரகாட்டக்காரன்' படத்தோட வாழைப்பழக் காட்சி. கவுண்டமணி படத்துக்குக் கீழே "ஞாயித்துக்கிழமை லீவு இங்க இருக்கு. தீபாவளி லீவு எங்க?" என்று எழுதியிருந்தது. செந்தில் படத்துக்குக் கீழே எழுத்தே இல்லை. வெறும் முகம்தான்.

அப்பாவிடம் காட்டினேன். சுரங்கத்துல ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர், லீவு கணக்கு அவருக்கு நல்லாவே தெரியும். கண்ணாடியைச் சரிபண்ணிப் படிச்சுட்டு, வாய்விட்டுச் சிரிச்சார். பக்கத்துல இருந்த என் பையனும் எட்டிப் பார்த்துச் சிரிச்சான். எனக்கு அங்கதான் ஒரு கேள்வி வந்தது. படம் வந்தது 1989ல. அப்பா அப்பவே பார்த்தவர். பையன் அந்தப் படத்தை இன்னைக்கு வரைக்கும் பார்த்ததே இல்லை. அப்புறம் எதைப் பார்த்துச் சிரிச்சான்?

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுல கிடைச்ச குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

படம் என்ன வேலை செய்யுது?

முதல்ல அந்த மீமைப் பிரிச்சுப் பார்ப்போம். காட்சி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கவுண்டமணி காசு கொடுத்து ரெண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்றார். செந்தில் ஒண்ணைச் சாப்பிட்டுட்டு மீதி ஒண்ணோட வர்றார். "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டா, கையில இருக்கற அதே பழத்தைக் காட்டி, அதுதான் இது என்கிறார்.

நடிகர்களை எடுத்துட்டா, மிச்சம் இருக்கறது ஒரு அமைப்பு. ரெண்டு பொருள் வரணும், ஒண்ணுதான் வந்திருக்கு. வந்த அந்த ஒண்ணையே காணாமப்போன ரெண்டாவதாகவும் கணக்குக் காட்டுறாங்க, அதுவும் கொஞ்சம்கூட குற்ற உணர்ச்சி இல்லாம. தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில வர்றது அச்சு அசல் இதேதான். ஒரே நாள், ரெண்டு லீவாகக் கணக்குல எழுதப்படுது.

இப்ப இதையே படம் இல்லாம சொல்லிப்பாருங்க: "தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதால் நமக்கு ஒரு விடுமுறை குறைந்துவிட்டது." இது புலம்பல். யாருக்கும் சிரிப்பு வராது. மீம்ல இருக்கற எழுத்து இதைவிடக் குறைவு, ஆனா சிரிப்பு வருது. காரணம், எழுதினவர் ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டிருக்கார். காலண்டர்தான் செந்தில், ஏமாந்து நிக்கிற நாமதான் கவுண்டமணி. இதை அவர் எங்கேயும் எழுதலை. படிக்கிறவர்தான் அரை நொடியில அந்த இணைப்பைப் போட்டுக்கறார். சிரிப்பு வர்றது அந்த இடத்துலதான்.

நான் சாஃப்ட்வேர்காரன் என்பதால எனக்கு இது ஒரு ஃபங்ஷன் மாதிரி தெரியுது. கதை, கோபம், ஏமாற்றம், பதில் எல்லாம் ஏற்கெனவே படத்துக்குள்ள எழுதி முடிச்சாச்சு. நாம கொடுக்க வேண்டியது ரெண்டே ரெண்டு ஆர்க்யுமென்ட்: கையில இருக்கறது எது, காணாமப்போனது எது. அதனாலதான் மீம்ல எழுத்து குறைவா இருந்தா போதும். விளக்கவேண்டிய வேலையைப் படம் ஏற்கெனவே செஞ்சுடுச்சு.

இதுல இருந்து ஒரு சோதனை கிடைக்குது. படத்தைக் கையால மறைச்சுட்டு எழுத்தை மட்டும் படிங்க. அப்பவும் முழுசா சிரிப்பு வந்தா, அது ஜோக், படம் வெறும் அலங்காரம். எழுத்தை மறைச்சுட்டுப் படத்தை மட்டும் பாருங்க. அப்பவும் அதே அளவு சிரிப்பு வந்தா, அது பழைய காமெடி, எழுத்து அனாவசியம். ரெண்டுல எதை மறைச்சாலும் படுத்துடணும். அதுதான் நல்ல மீம்.

எங்கே பொருந்தாம போகும்?

அதே வாரம் வேற ஒரு குழுவுல இதே டெம்ப்ளேட்டைப் போட்டு, "இன்க்ரிமென்ட் எங்க?" என்று மட்டும் எழுதியிருந்தாங்க. யாரும் சிரிக்கலை. டெம்ப்ளேட் அதேதான், முகங்களும் அதேதான். ஏன் எடுபடலை?

இன்க்ரிமென்ட் வரவே இல்லை. அதாவது கையில ஒரு பழம்கூட இல்லை. வாழைப்பழ டெம்ப்ளேட்டுக்கு ஒண்ணாவது கைக்கு வந்திருக்கணும், அதையே ரெண்டாவதாக் காட்டணும். ஒண்ணுமே வராத ஏமாற்றத்துக்கு அது சரிப்படாது. "இன்க்ரிமென்ட் இங்க இருக்கு, போனஸ் எங்க?" என்று எழுதியிருந்தா குழுவே குலுங்கியிருக்கும். ஏன்னா போனஸையும் சேர்த்துத்தான் இன்க்ரிமென்ட்டா கொடுத்திருக்கோம் என்று சொல்ற மேனேஜரை எல்லாரும் பார்த்திருக்கோம். அப்ப அவர்தான் செந்தில்.

ஆக டெம்ப்ளேட் என்பது முகபாவம் இல்லை, ஒரு உறவு. 'வின்னர்' படத்துல கைப்புள்ள தரையில கோடு போடுற காட்சியை எடுத்துக்கோங்க. அதுல இருக்கற உறவு வேற: உள்ளுக்குள்ள பயம், வெளியே எல்லை போட்டு மிரட்டல். ரெண்டு படத்துலயும் ஏமாறுகிறவர் ஒருத்தர் இருக்கார் என்பதால ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட முடியாது.

உலகத்துல பிரபலமான ஒரு டெம்ப்ளேட்டும் இதையேதான் சொல்லுது. காதலி கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற பையன், கடந்துபோற வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கிற போட்டோ. ஸ்பெயின் நாட்டு போட்டோகிராபர் அன்டோனியோ கியெம் 2015ல எடுத்தது. விளம்பரங்களுக்கு விற்கிற சாதாரண ஸ்டாக் போட்டோதான். 2017ல மூணு பேர் மேலயும் பெயர் எழுதி ஊரெல்லாம் சுத்தவிட்டாங்க. அந்தப் போட்டோவுக்குப் பின்னால சினிமா கிடையாது, கதை கிடையாது. மூணு பேர் பார்வையும் எந்தப் பக்கம் போகுது என்பதிலேயே உறவு முழுசா தெரியுது. அதனால எந்த நாட்டுக்காரருக்கும் புரிஞ்சது.

படம் பார்க்காதவனுக்கு எப்படிப் புரியுது?

நம்ம ஊர் டெம்ப்ளேட் அப்படி இல்லையே, சினிமா தெரிஞ்சாத்தானே புரியும்? நானும் அப்படித்தான் நினைச்சேன். பையனிடம் கேட்டேன். "அது யாராவது ஒண்ணைக் காட்டி ரெண்டுன்னு ஏமாத்துனா போடுறதுப்பா" என்றான். காட்சி தெரியாது, பயன்பாடு தெரியும். இருபது முப்பது மீம் பார்த்து, அதுல பொதுவா என்ன இருக்கு என்று அவனாகவே பிடிச்சுக்கிட்டான். அகராதி இல்லாம குழந்தை வார்த்தை கத்துக்கற மாதிரிதான் இதுவும்.

டெம்ப்ளேட் பழசாகாம இருக்கறதுக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு புது மீமும் ஒரு ஜோக் சொல்லும்போதே, அந்தப் படத்தை எப்படிப் படிக்கணும் என்று புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டும் போகுது. மூலப்படம் மறந்துபோனாலும் பாடம் நடந்துக்கிட்டே இருக்கும்.

இதுக்கு 'ஃப்ரண்ட்ஸ்' படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. படம் வந்தது 2001ல. அதுல கான்ட்ராக்டர் நேசமணியா வர்ற வடிவேலு, தேவையில்லாத ஆணியைப் புடுங்கச் சொல்லி மாட்டிக்கிற காட்சி ஒண்ணு உண்டு. தமிழ் வலைப்பூக்கள் பரபரப்பா இருந்த காலத்துல, ஆபீஸ் வேலைக்கே 'ஆணி' என்றுதான் பெயர். "இன்னைக்கு ஆணி அதிகம், அப்புறம் வர்றேன்" என்று எழுதுவோம். எங்க டீம்ல ரிலீசுக்கு முந்தின நாள் இன்னைக்கும் இந்த வார்த்தை கேட்கும். சொல்றவங்க பாதிப்பேர் படத்தைப் பார்த்திருக்க மாட்டாங்க. படமே போய், டெம்ப்ளேட் ஒரு வார்த்தையா சுருங்கின நிலை அது.

அதே படத்துல நேசமணி தலையில சுத்தியல் விழும். 2019 மே மாசக் கடைசியில, ஃபேஸ்புக்ல சிவில் இன்ஜினியரிங் பக்கம் ஒண்ணு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொல்லிட்டு, ஜமீன் அரண்மனையில பெயின்டர் நேசமணி தலையை உடைச்சது இதுதான் என்று சேர்த்துவிட்டார். இன்னொருத்தர், இப்ப அவர் எப்படி இருக்கார் என்று அக்கறையா விசாரிச்சார். அவ்வளவுதான். ஓரிரு நாள்ல நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்ற ஹேஷ்டேக் உலக அளவுல ட்ரெண்ட் ஆச்சு. பதினெட்டு வருஷம் கழிச்சு, வடிவேலு முகமே இல்லாத ஒரு சுத்தியல் போட்டோ போதுமா இருந்தது. இங்கேயும் ஜோக் எழுத்துல மட்டும் இல்லை, படத்துலயும் மட்டும் இல்லை. கடையில விற்கிற சாதாரண சுத்தியலும், சீரியஸா சொல்ற செய்தியும் ஒண்ணா நின்ன இடத்துல பிறந்தது.

நான் செஞ்ச தப்பு

டெம்ப்ளேட்டோட எல்லை எனக்குப் புரிஞ்சது இதே சுத்தியலாலதான்.

போன வருஷம் எங்க பள்ளிக் குழுவுல ஒருத்தன், "சைட்ல தலையில அடி, மூணு தையல்" என்று மெசேஜ் போட்டான். நான் யோசிக்கவே இல்லை. பத்து விநாடியில நேசமணி படத்தை எடுத்து, அவன் பெயரை மேல எழுதிப் போட்டுட்டேன். வரிசையா சிரிப்பு எமோஜி. நல்லா அடிச்சோம் என்று எனக்கும் ஒரு பெருமை.

ராத்திரி அவன் போன் பண்ணான். "டேய், ரெண்டு நாளா தலை சுத்துதுடா. நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போறோம். அந்தப் படத்தை வீட்ல பார்த்துட்டா. அழுதுக்கிட்டிருக்கா" என்றான். கோபமாகூடச் சொல்லலை. உடனே படத்தை அழிச்சேன், மன்னிப்புக் கேட்டேன். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை என்று மறுநாள் சாயங்காலம் செய்தி வந்த வரைக்கும் எனக்கு வேலையே ஓடலை.

பொருத்தம்னு பார்த்தா அந்த மீம்ல தப்பே கிடையாது. வேலையிடம், தலை, அடி, எல்லாம் கச்சிதம். ஆனா டெம்ப்ளேட் உறவை மட்டும் கொண்டுவரலை, சிரிக்கிறதுக்கான அனுமதியையும் சேர்த்தே கொண்டுவந்தது. நேசமணி அடிபட்டா சிரிக்கலாம், ஏன்னா அடுத்த காட்சியில எழுந்து வந்து திட்டுவார். அது நமக்குத் தெரியும். என் நண்பனுக்கு அடுத்த காட்சி என்னன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. பெயரை மாத்தி எழுதினா அந்த உத்தரவாதம் மாறி வராது. குழுவுல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க என்பதால எனக்கு அது தெரியவும் இல்லை. பார்க்கிறவங்க பழக்கத்துல சிரிச்சுடுவாங்க, படத்துல பெயர் இருக்கறவன் வீட்லதான் நிஜம் தெரியும்.

இப்பவும் நான் மீம் போடறேன். தீபாவளி, போனஸ், ஆணி எல்லாத்துக்கும். ஆனா ஒரு ஆளோட பெயரை எழுதினா மட்டும், போடறதுக்கு முன்னால அவனுக்குப் போன் பண்ணி, அந்தச் சுத்தியல் போட்டோவுக்குக் கீழே யாரோ விளையாட்டா கேட்ட கேள்வியை நிஜமாவே கேட்டுடறேன்: இப்ப எப்படிடா இருக்க?