மருத்துவரான பின் ஆசிரியருக்கு எழுதும் கடிதம்

கட்டணம் வாங்காமல் நீட் தேர்வுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுத ஏற்ற நேரம், தேர்வு முடிவு வந்த நாள் அல்ல. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடிந்து, மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கிடைக்கும் நேரமே அதற்குப் பொருத்தம். அப்போதுதான் அவர் சொன்ன பாடம் எங்கே பயன்பட்டது என்று எழுத முடியும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020இல் வந்தது. அதன்படி முதலில் சேர்ந்தவர்கள் இந்த நிலையை எட்ட ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

"நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை" என்ற வரியை எந்த மாணவரும் எந்த ஆசிரியருக்கும் எழுதலாம். அதனாலேயே அது மனத்தில் தங்குவதில்லை. ஒரு பாடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் கடிதம் அந்த ஆசிரியருக்கே உரியதாகிவிடும்.

நீட் தேர்வின் 180 கேள்விகளில் 45 இயற்பியல். தமிழ்வழியில் படித்த பலரும் தடுமாறும் பகுதி அது. மாலையில் பள்ளி முடிந்த பிறகு ஓர் ஆசிரியர் பாய்சொய் சமன்பாட்டை நடத்தியதாக வைத்துக்கொள்வோம். குழாயில் பாயும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மற்றவை மாறாமல் ஆரம் மட்டும் பாதியானால் பாய்ச்சல் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மாணவி அதை அன்று ஒரு கணக்காகத்தான் போட்டிருப்பாள். பயிற்சி மருத்துவராக அவசரப் பிரிவில் நிற்கும்போது, விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு நீலநிற மெல்லிய கேனுலாவை விட்டுவிட்டு, சாம்பல்நிறப் பெரிய கேனுலாவை மூத்த மருத்துவர் கேட்பதன் காரணம் அவளுக்கு உடனே விளங்கும். கேனுலா குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால்தான் திரவம் வேகமாக ஏறும். "சார், நீங்கள் கரும்பலகையில் போட்ட அந்தக் கணக்கை வார்டில் பார்த்தேன்" என்று அவள் எழுதும் ஒரு வரி போதும். அந்த மாலை நேரங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

வார்டு அனுபவத்தை எழுதும்போது நோயாளியின் பெயர், ஊர், நாள் எதையும் குறிப்பிடக் கூடாது. நன்றிக் கடிதம் என்பதால் மருத்துவ ரகசியம் காக்கும் கடமை தளர்ந்துவிடாது.

பலர் தவறுவது பணப் பேச்சில். "அன்று வாங்காத கட்டணத்தை இன்று தருகிறேன்" என்று எழுதினால், ஆசிரியர் மனமுவந்து கொடுத்ததைக் கடனாக மாற்றியதாகிவிடும். இப்போது அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு, விடுமுறை நாள்களில் உயிரியல் நடத்த வருவதாகச் சொல்வது மேல். வர இயலும் நாளையும் சேர்த்து எழுதினால் அவர் அதற்கேற்ப வகுப்பைத் திட்டமிடுவார்.

விளிப்புக்கு வகுப்பில் அழைத்த "சார்" அல்லது "டீச்சர்" போதும். கையொப்பத்தில் பெயருக்கு முன் டாக்டர் என்று போட வேண்டியதில்லை. ஆசிரியர் மாறுதலாகிப் போயிருந்தால், பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேட்டுப் புது முகவரிக்கு அனுப்பலாம்.