150 மணி நேரக் கணக்கு

நோயாளிக்கு ஊசி போடவே நேரம் போதாத பெங்களூர் வார்டுகளில் செவிலியர்கள் படிப்பதற்கும் நேரம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் கேட்கும் மணிகளையும் டூட்டி லிஸ்ட் விடும் மணிகளையும் இணைப்பதுதான் இன்சார்ஜ் சிஸ்டர்களின் புதிய தலைவலி.

ஒரு காலத்தில் செவிலியர் பட்டயமோ பட்டமோ வாங்கி, மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். ஓய்வு பெறும்வரை அந்தக் காகிதம் செல்லும். இப்போது அப்படியில்லை. பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆண்டுக்கு 30 மணி, மாதத்துக்கு இரண்டரை மணி. கேட்பதற்குச் சின்னத் தொகைதான். சிக்கல், அந்த இரண்டரை மணியை எந்த நாளில், எந்த நேரத்தில் வைப்பது என்பதில் இருக்கிறது.

பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் கர்நாடகத்தவர்களோடு கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த செவிலியர்களும் ஏராளமாக வேலை செய்கிறார்கள். தமிழகத்தில் பதிவு செய்தவர் இங்கே வேலைக்கு வந்தால் கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலில் மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். ஊர் மாறினாலும் கணக்கு தொலையாமலிருக்கத்தான் ஆதாரோடு இணைந்த தேசிய அடையாள எண் முறையை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. இருந்தாலும் பழைய சான்றிதழ்களின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பவரே பிழைக்கிறார்.

20 செவிலியர்கள் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்ளலாம். காலை 8 முதல் 2 வரை ஒரு ஷிப்ட், 2 முதல் இரவு 8 வரை இன்னொன்று, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை நைட். ஏதாவது ஒரு நாள் காலையில் 6 பேர், மதியம் 4 பேர், இரவில் 4 பேர். வார விடுப்பிலும் நைட் முடிந்த ஓய்விலுமாக 4 பேர். லீவில் 2 பேர். புதன்கிழமை இரண்டரை மணிக்கு வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினால், பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வரக்கூடியவர்கள் காலை ஷிப்டின் 6 பேர் மட்டுமே. மதிய ஷிப்டினர் நோயாளிகளிடம் இருக்கிறார்கள். நைட் டூட்டிக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவரை எழுப்பி வரவழைத்தால் அன்றிரவு மருந்தின் அளவைத் தவறாகப் பார்க்கப் போவதும் அவர்தான்.

அதனால், ஒரே வகுப்பை ஒரே முறை நடத்துவது வீண். மாதத்துக்கு ஒரு பாடம் என்று வைத்து, அதையே நான்கு புதன்கிழமைகளிலும் திரும்ப நடத்த வேண்டும். டூட்டி லிஸ்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு வாரச் சுற்றில் ஒரு வாரமாவது காலை ஷிப்ட் வரும். அந்த வாரத்தில் அவருடைய வார விடுப்பு மட்டும் புதன்கிழமை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாதம் ஒரு மணி. ஆண்டுக்கு 12 மணி கையில் வந்துவிடும்.

மீதி 18 மணிக்கு, தலா 6 மணி நேரம் கொண்ட மூன்று முழுநாள் பயிற்சிகள். 20 பேருக்கு மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 60 ஆள்-நாட்கள், அதாவது வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஆகவே ஒவ்வொரு வார டூட்டி லிஸ்டிலும் லீவுக்குக் கட்டம் போடுவதுபோல் பயிற்சிக்கும் ஒரு கட்டத்தை, லிஸ்ட் எழுதத் தொடங்கும்போதே நிரப்பிவிட வேண்டும். கடைசியில் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்கவே இருக்காது.

இங்கேதான் முடிச்சு. செவிலியர் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது லீவுக்காக 30 சதவீதம் கூடுதலாக வைக்கச் சொல்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்தக் கூடுதல் ஆட்களை விடுப்புகளே விழுங்கிவிட்டால் பயிற்சிக்கென்று ஆள் மிஞ்சுவதில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் ரத்தாவது பயிற்சிக் கட்டம்தான். ரத்தாவதைத் தடுக்க முடியாது. ஆனால் ரத்தான தேதியை எழுதிவைத்து, இரண்டு வாரத்துக்குள் மாற்றுத் தேதி கொடுக்கலாம். ஒரே பெயருக்கு மூன்று முறை ரத்தாகியிருந்தால் அந்த வார்டில் ஆள் பற்றாக்குறை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கணக்கெழுதுவதில் இன்னொரு பொறி உண்டு. மருத்துவமனை ஏப்ரல் முதல் மார்ச் வரை ஆண்டைக் கணக்கிடுகிறது. கவுன்சிலோ அவரவர் பதிவுத் தேதியிலிருந்து எண்ணுகிறது. உதாரணத்துக்கு, 2022 ஜூலையில் பதிவைப் புதுப்பித்த ஒருவருக்கு 2027 ஜூன் வரை அவகாசம். 2026 மார்ச் முடிவில் 45 மாதங்கள் ஓடிவிட்டன. மாதம் இரண்டரை மணி வீதம் 112.5 மணி சேர்ந்திருக்க வேண்டும். அவர் கையில் இருப்பது 84 மணி என்று வைத்துக்கொண்டால், 28.5 மணி பின்தங்கியிருக்கிறார். மீதி 66 மணியை 15 மாதங்களில் முடிக்க மாதத்துக்கு 4.4 மணி வேண்டும். இடையில் 26 வாரப் பேறுகால விடுப்பு எடுத்திருந்தால் அதிலேயே 15 மணி போயிருக்கும். இதை இப்போதே கண்டால் இரண்டு கூடுதல் முழுநாள் பயிற்சிகளும் மாதாந்திர வகுப்புகளும் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். 2027 மே மாதத்தில் கண்டால் எதுவும் உதவாது.

வார்டின் சராசரியைப் பார்ப்பது இதனால்தான் ஏமாற்றும். ஆர்வமுள்ளவரும் இன்சார்ஜுக்கு வேண்டியவரும் 50 மணி சேர்த்திருப்பார்கள். தொடர்ந்து நைட் பார்ப்பவரிடம் 8 மணிகூட இருக்காது. சராசரி 30 என்று காட்டும். மாதாமாதம் பார்க்க வேண்டியது பட்டியலின் அடியில் இருக்கும் பெயர்களை.

பதிவேட்டில் பெயர், பதிவு எண், புதுப்பிக்கும் தேதி, பாடம், வகுப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சான்றிதழ் எண் ஆகியவை இருந்தால் போதுமானது. மணி வேறு, கிரெடிட் வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். வார்டுக்குள் நடக்கும் வகுப்பு எல்லாமே கவுன்சில் கணக்கில் ஏறிவிடாது. கவுன்சிலின் ஒப்புதல் பெற்ற நிகழ்ச்சிக்கே அங்கே மதிப்பு. தீயணைப்பு ஒத்திகை போன்றவை என்.ஏ.பி.எச். தரச்சான்று ஆய்வாளர் கேட்கும்போது காட்ட உதவும். பதிவைப் புதுப்பிக்க உதவ வேண்டுமென்பதில்லை. மாரடைப்பு முதலுதவி போன்ற சில பயிற்சிகளுக்கு மணிக்கணக்கே பொருந்தாது. அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு ஆண்டுகளே செல்லும். எத்தனை மணி படித்திருந்தாலும் தேதி முடிந்தால் முடிந்ததுதான்.

வருட முடிவில் பல இடங்களில் வருகைப் பதிவேடு திடீரென்று நிரம்புவதுண்டு. போலியைப் பிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. வருகைத் தாளை அந்தத் தேதியின் டூட்டி லிஸ்டுக்குப் பக்கத்தில் வைத்தாலே போதும். லீவில் இருந்தவரும் நைட் முடித்துத் தூங்கப் போனவரும் இரண்டரை மணி வகுப்பில் கையெழுத்துப் போட்டிருந்தால், அங்கே நடந்தது வகுப்பல்ல, வெறும் கையெழுத்து வேட்டை.

அந்த வேட்டைக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஷிப்ட் முடிந்தபின் தங்கும் ஒரு மணி, டூட்டியாகக் கணக்கிடப்படாவிட்டால் செவிலியர் அதைத் தன் வீட்டு நேரத்திலிருந்து கொடுக்கிறார். ஆறு வகுப்புகளுக்கு ஒரு காலை ஷிப்ட் ஈட்டு விடுப்பு என்று கொடுத்தால், 12 வகுப்புகளுக்கு ஆண்டில் ஒருவருக்கு இரண்டு ஷிப்ட். 20 பேருக்கு 40 ஷிப்ட். முழுநாள் பயிற்சிக்கான 60 ஆள்-நாட்களோடு சேர்த்தால் 100. ஒரு வார்டுக்கு 150 மணி விதியின் உண்மையான விலை இதுதான்: வாரத்துக்கு இரண்டு ஷிப்ட். இதை நிர்வாகம் ஆள் எண்ணிக்கையில் சேர்க்காதவரை, அந்த விலையைச் செவிலியர்களே தூக்கத்தில் செலுத்திக்கொண்டிருப்பார்கள்.