வைஃபை பாஸ்வேர்டு இப்போது எந்தப் பெட்டியில்?

திருச்சியில் அக்கா வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது, கம்பெனிக்காரர் தன் பெட்டியை வாசல் கதவை ஒட்டிய சுவரில் மாட்டிவிட்டுப் போனார். மாடி அறைக்கு சிக்னல் எட்டவில்லை. அதற்காக நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்கி மாடியில் வைத்து, கீழிருந்து ஒரு லேன் வயர் இழுத்தோம். நெட் வேகமாகவே வந்தது. ஆனால் வீட்டில் இப்போது இரண்டு வைஃபை பெயர்கள். பிரிண்டர் கீழ்ப்பெட்டியின் வைஃபையில், அக்காவின் ஃபோன் மாடி ரவுட்டரின் வைஃபையில். பிரிண்டர் ஒரு கை தூரத்தில் இருந்தும் ஃபோனின் பட்டியலில் அது வரவே இல்லை.

கம்பெனி கொடுக்கும் பெட்டியை ரவுட்டர் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே அது நான்கு வேலை செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. கம்பெனியின் சர்வருக்கு யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைகிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரி தருகிறது. வைஃபையைப் பரப்புகிறது. நாம் வாங்கும் ரவுட்டருக்கு இவற்றில் முதல் வேலை மட்டும்தான் தெரியாது. மற்ற மூன்றையும் அதுவும் செய்யும். அக்கா வீட்டில் இரண்டு பெட்டிகளும் தனித்தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்ததால் ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிட்டது. பிரிட்ஜ் மோட் என்பது கம்பெனிப் பெட்டியிடமிருந்து பின் மூன்று வேலைகளையும் வாங்கிவிடுவது. ஒளியை மாற்றி, வயர் வழியாக அப்படியே தள்ளிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது.

அப்படியானால் பாஸ்வேர்டு எங்கே போகிறது? இந்தக் கேள்வியில் பலர் தடுமாறக் காரணம், பாஸ்வேர்டு ஒன்றல்ல, மூன்று. ஃபோனில் தட்டுவது வைஃபை பாஸ்வேர்டு. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது அட்மின் பாஸ்வேர்டு. கம்பெனியின் சர்வருக்குள் நுழைவது PPPoE பாஸ்வேர்டு; இதைப் பெரும்பாலும் இணைப்பு கொடுக்க வந்தவரே தட்டிவிட்டிருப்பார், வீட்டுக்காரர் கண்ணில் பட்டே இருக்காது. பிரிட்ஜ் செய்ததும் PPPoE பாஸ்வேர்டு நம் ரவுட்டருக்குக் குடிபெயர்கிறது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இனி நம் ரவுட்டரில்தான். கம்பெனிப் பெட்டியில் மிஞ்சுவது அதன் அட்மின் பாஸ்வேர்டு மட்டுமே. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வைஃபை பெயருக்கு இனி வேலை இல்லை.

தொடங்குவதற்கு முன்பே கம்பெனிக்கு ஃபோன் செய்து PPPoE யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டோம். கேட்டால் சில கம்பெனிகள் தாங்களே தொலைவிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றித் தருவதும் உண்டு. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டோம். அவை பிறகு உதவின. அதன்பின் மடிக்கணினியை வயரில் இணைத்து `192.168.1.1` பக்கத்தைத் திறந்தோம். WAN பகுதியில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்றில் INTERNET, ஒன்றில் VOIP, ஒன்றில் TR069 என்று இருந்தது. இரண்டாவது தரைவழி ஃபோனுக்கானது, மூன்றாவது கம்பெனி பெட்டியைப் பராமரிக்க வைத்திருப்பது. அவற்றில் கை வைக்கவே கூடாது. தெரியாமல் அழித்துவிட்டால் வீட்டு ஃபோன் ஊமையாகிவிடும். INTERNET வரியில் மட்டும் Route என்பதை Bridge ஆக்கி, அதை LAN1 துளையோடு பிணைத்தோம். அந்தத் துளையிலிருந்து மாடி ரவுட்டரின் WAN துளைக்கு வயர். மாடி ரவுட்டரில் இணைப்பு வகையை PPPoE என்று மாற்றி, எழுதி வைத்திருந்ததைத் தட்டினோம். விலான் எண் கீழ்ப்பெட்டியின் வரியில் ஏற்கெனவே இருந்ததால் மாடி ரவுட்டரில் அந்த இடத்தைக் காலியாக விட்டோம். இரண்டு இடத்திலும் போட்டால் பெரும்பாலும் நெட் வராது.

முதல் முறை இணைப்பு மறுக்கப்பட்டது. பாஸ்வேர்டில் பிழை இல்லை. பழைய பெட்டியின் வன்பொருள் முகவரியோடு அந்த யூசர் நேமை சர்வர் கட்டி வைத்திருந்தது. கஸ்டமர் கேரில் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டதும் அரை நிமிடத்தில் இணைந்தது.

அதன்பிறகு வந்ததுதான் வைஃபை சிக்கல். மாடி ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தோம். ஃபோனோ டிவியோ நினைவில் வைத்திருப்பது பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை ஆகியவற்றைத்தான். எந்தப் பெட்டி என்பதையல்ல. மூன்றும் பொருந்தினால் தானாகவே சேர்ந்துகொள்ளும். பாதுகாப்பு வகையை WPA2 என்றே விட்டோம், ஏனெனில் WPA3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர் போன்றவை சேராமல் போகலாம். மாடியில் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன. கீழே வந்த அக்கா, "தம்பி, வைஃபை காட்டுது, ஆனா நெட் வரலைடா" என்றார்.

கம்பெனிப் பெட்டியின் வைஃபையை நான் அணைக்கவில்லை. சில பெட்டிகள் பிரிட்ஜ் ஆனதும் தாமே வைஃபையை நிறுத்திவிடும். இது நிறுத்தவில்லை. ஒரே பெயரில் இரண்டு வைஃபை இருந்ததால், வாசலுக்கு அருகே ஃபோன் வலுவான சிக்னலை, அதாவது வெறும் கூடாகிவிட்ட பெட்டியைப் பிடித்துக்கொண்டது. முகவரி கொடுக்கும் வேலை அதற்கு இப்போது இல்லை. இப்படிப்பட்ட வைஃபையில் ஒரு விண்டோஸ் கணினியைச் சேர்த்துப் பார்த்தால் `169.254` என்று தொடங்கும் முகவரி தெரியும். கேட்ட முகவரி கிடைக்காமல் கருவி தானே வைத்துக்கொண்ட எண் அது.

அணைக்கலாம் என்று போனால் அமைப்புப் பக்கம் திறக்கவில்லை, காரணமும் அதேதான். மடிக்கணினியை வயரில் கீழ்ப்பெட்டியோடு நேரடியாக இணைத்து, அதற்குக் கையாலேயே `192.168.1.2` என்ற முகவரியும் `255.255.255.0` என்ற மாஸ்க்கும் கொடுத்த பிறகு பக்கம் வந்தது. வைஃபையை அணைத்தேன். முதலிலேயே அணைத்துவிட்டு பிரிட்ஜுக்குப் போயிருந்தால் இந்தச் சுற்று தேவைப்பட்டிருக்காது, வரிசை அதுதான்.

பிரிட்ஜ் உண்மையிலேயே ஆகிவிட்டதா என்பதை மாடி ரவுட்டரின் WAN முகவரி காட்டிக்கொடுக்கும். அங்கே `192.168.1` என்று தொடங்கும் எண் இருந்தால் கீழ்ப்பெட்டி இன்னும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது, பிரிட்ஜ் ஆகவில்லை. எங்களுக்கு `100.72` என்று தொடங்கியது. `100.64` முதல் `100.127` வரையிலான எண்கள், கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தருவதற்காக ஒதுக்கப்பட்டவை. ஆக பிரிட்ஜ் ஆகிவிட்டது, ஆனால் பொது முகவரி நமக்கென்று இல்லை. வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்ள அக்கா விரும்பியிருந்தார். அதை பிரிட்ஜ் மட்டும் சாதித்துத் தராது; அதற்குக் கம்பெனியிடம் தனி முகவரி வாங்க வேண்டும்.

சில மாதம் கழித்து ஒரு மழை இரவில் நெட் நின்றது. மறுநாள் வந்த ஊழியர் கீழ்ப்பெட்டியை ரீசெட் செய்தார். பெட்டியில் இன்டர்நெட் விளக்கு எரிந்தது, மாடியில் நெட் வரவில்லை. ஃபோனின் பட்டியலில் ஸ்டிக்கரில் இருக்கும் அந்தப் பழைய கம்பெனிப் பெயர் மறுபடி தெரிந்தது. ரீசெட்டில் பிரிட்ஜ் அழிந்து, கம்பெனி அமைப்பு திரும்பி வந்து, பெட்டியே யூசர் நேம் கொடுத்து உள்ளே போய்விட்டது. பிரிட்ஜ் இல்லாததால் மாடி ரவுட்டரின் PPPoE முயற்சி கம்பெனியின் சர்வரை எட்டவே இல்லை. அக்கா என்னிடம் ஃபோனில், "இந்தப் பேர் திரும்ப வந்திருக்கு, பிரிட்ஜ் போயிடுச்சு போல" என்று தாமாகவே சொன்னார். கீழ்ப்பெட்டியின் வைஃபையை அணைத்து, INTERNET வரியை மறுபடி Bridge ஆக்கச் சொன்னேன். வைஃபை பாஸ்வேர்டு மாடி ரவுட்டரில் இருந்த இடத்திலேயே இருந்தது. பிரிண்டரிலோ டிவியிலோ அதை யாரும் திரும்பத் தட்ட வேண்டியிருக்கவில்லை.