நியாயம் என்று எதைச் சொல்கிறோம்?

நான்கு சிறுவர்கள் சேர்ந்து வளையல் செய்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்குப் பத்து சாக்லேட் பரிசாகக் கிடைக்கிறது. பத்தை நான்கால் மீதியின்றி வகுக்க முடியாது. அப்படியானால் யாருக்கு எத்தனை?

1970களில் வில்லியம் டேமன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இத்தகைய கேள்வியைப் பல சிறுவர்களிடம் கேட்டார். அவர்கள் எத்தனை சாக்லேட் கொடுத்தார்கள் என்பதைவிட, அப்படிக் கொடுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதையே அவர் கூர்ந்து கவனித்தார். வயது ஏற ஏற அந்தக் காரணங்கள் ஓர் ஒழுங்கில் மாறி வருவதைக் கண்டார்.

நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் விருப்பமே காரணம். "எனக்கு வேண்டும், அதனால் எனக்கே நிறைய" என்று அது சொல்லும். சற்று வளர்ந்ததும், "நான்தான் பெரியவன், எனக்குத்தான் கூடுதல்" என்று ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்கும். அந்தக் காரணத்துக்கும் வளையல் செய்த வேலைக்கும் தொடர்பே இருக்காது. ஐந்து, ஆறு வயதில் எல்லாருக்கும் சமம் என்பதே நியாயம் என்று குழந்தை உறுதியாக நம்பத் தொடங்குகிறது. அதன்பின், உழைத்தவருக்கே கூடுதல் பங்கு என்னும் எண்ணம் எழுகிறது. எட்டு வயதை ஒட்டி, "அவன் சின்னவன், அவனால் அவ்வளவுதான் முடிந்தது" என்று பிறர் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் பக்குவம் தோன்றுகிறது. சமம், உழைப்பு, தேவை ஆகிய மூன்றும் வெவ்வேறு நியாயங்கள் என்றும், அவை ஒன்றோடு ஒன்று மோதக்கூடும் என்றும் அப்போதுதான் சிறுவருக்குப் புரிகிறது.

டேமனுக்கு முன்பே இத்துறையில் ஆய்வு செய்தவர் லாரன்ஸ் கோல்பர்க். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக 72 சிறுவர்களிடம் அவர் கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். அவற்றுள் ஒன்று மிகவும் புகழ்பெற்றது. ஹைன்ஸ் என்பவருடைய மனைவி புற்றுநோயால் உயிருக்குப் போராடுகிறார். அவரைக் காக்கக்கூடிய மருந்தை ஒரு மருந்துக்கடைக்காரர் பல மடங்கு விலை வைத்து விற்கிறார். ஹைன்ஸால் பாதிப் பணத்தையே திரட்ட முடிகிறது. கடைக்காரர் விலையைக் குறைக்கவும் இல்லை. கடன் கொடுக்கவும் இல்லை. ஹைன்ஸ் அந்த மருந்தைத் திருடலாமா?

திருடலாம் என்றாலும் கூடாது என்றாலும் கோல்பர்க்குக்கு அது முக்கியமில்லை. "மாட்டிக்கொண்டால் சிறை" என்று ஒருவன் தண்டனையை எண்ணிப் பேசலாம். "நல்ல கணவன் மனைவியைக் கைவிடமாட்டான்" என்று இன்னொருவன் உறவை எண்ணிப் பேசலாம். "ஆளுக்கு ஆள் சட்டத்தை மீறினால் நாடு என்ன ஆகும்?" என்று வேறொருவன் சமுதாயத்தை எண்ணலாம். இத்தகைய காரணங்களைக் கோல்பர்க் ஆறு படிகளாக வகுத்தார். முதலிரண்டு படிகளில் தண்டனையும் சொந்த இலாபமும் காரணமாகின்றன. அடுத்த இரண்டில் பிறர் நன்மதிப்பும் பொது விதியும் காரணமாகின்றன. கடைசி இரண்டில் மனித உரிமை போன்ற பொது அறங்கள் காரணமாகின்றன. கடைசிப் படிகளுக்குப் பெரியவர்களுள்ளும் சிலரே செல்கின்றனர்.

இதிலிருந்து ஆசிரியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. படி இருப்பது விடையில் அன்று, விடைக்குச் சொல்லும் காரணத்தில்தான். இதை ஒரு வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம்.

கிள்ளானுக்கு வடக்கே உள்ள மேருவில் ஓர் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்று வகுப்பை எண்ணிக்கொள்வோம். ஆசிரியர் ஒரு கற்பனைக் கதையைச் சொல்கிறார். பக்கத்துத் தாமானில் நடக்கும் திருமணத்திற்குத் தென்னங்குருத்துத் தோரணம் செய்து தர நான்கு மாணவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு தோரணத்திற்கு இரண்டு ரிங்கிட். கவின் 20 தோரணம் பின்னுகிறான். மலர் 10 பின்னுகிறாள். தேவி 6 பின்னுகிறாள். தாயார் தொழிற்சாலையில் மாலை வேலைக்குப் போய்விடுவதால் தம்பியைப் பார்த்துக்கொண்டு தாமதமாகத்தான் அவளால் வர முடிந்தது. குமரன் 4 மட்டுமே பின்னுகிறான். மற்ற நேரமெல்லாம் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். 40 தோரணத்திற்கு 80 ரிங்கிட் கிடைக்கிறது. எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் முன்கூட்டியே பேசவில்லை.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20 ரிங்கிட். செய்த எண்ணிக்கைப்படி பிரித்தால் கவினுக்கு 40, மலருக்கு 20, தேவிக்கு 12, குமரனுக்கு 8 ரிங்கிட். இரண்டாம் முறையில் தம்பியைப் பார்த்துக்கொண்ட தேவியும் விளையாடிய குமரனும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள். முதல் முறையில் பாதி வேலையைச் செய்த கவினும் விளையாடிய குமரனும் ஒன்றாகிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவருக்கு மனம் வலிக்கும். இப்படி இரண்டு பக்கமும் உண்மையான நியாயம் இருந்தால்தான் அது அறச்சிக்கல். கீழே கிடந்த பணப்பையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்பது போன்ற கேள்வியில் விடை எல்லாருக்கும் தெரியும். அங்கே கலந்துரையாட ஒன்றும் இல்லை.

கதையைச் சொன்னதும் ஆசிரியர் கை தூக்கச் சொல்வதில்லை. கை தூக்கச் சொன்னால் பலர் நண்பனின் கையைப் பார்த்தே தம் கையைத் தூக்குவர். ஆகவே முதலில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் தம் முடிவையும் அதற்கு ஒரு காரணத்தையும் தனியாக எழுதுகிறார்கள். ஐந்து நிமிடம் போதும்.

தாள்களைப் பார்க்கும்போதுதான் கோல்பர்க் சொன்னது கண்ணுக்குத் தெரியும். நான்கு மாணவர்கள் "சமமாகப் பிரிக்க வேண்டும்" என்றே எழுதியிருக்கலாம். ஆனால் ஒருவர், "இல்லாவிட்டால் சண்டை வரும், ஆசிரியர் திட்டுவார்" என்கிறார். அடுத்தவர், "இன்று நான் விட்டுக்கொடுத்தால் நாளை எனக்கு விட்டுக்கொடுப்பார்கள்" என்கிறார். மூன்றாமவர், "நண்பர்களுக்குள் பணத்தால் மனக்கசப்பு வரக்கூடாது" என்கிறார். நான்காமவர், "குழுவாகத்தான் வேலையை ஏற்றோம், எண்ணிக்கைப்படி பங்கு என்று யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்தபின் புதிய விதியைக் கொண்டு வருவது முறையன்று" என்கிறார். விடை ஒன்றுதான். காரணங்களோ தண்டனை, கைம்மாறு, நட்பு, விதி என ஒவ்வொரு படியாக ஏறுகின்றன.

அடுத்து, மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து பேசுகிறார்கள். வெவ்வேறு காரணம் எழுதியவர்களை ஆசிரியர் ஒரே குழுவில் சேர்க்கிறார். இதற்குத் தகுந்த ஆதாரம் உண்டு. கோல்பர்க்கின் மாணவர் மோஷே பிளாட் 1960களில் சிறுவர்களிடையே வாரந்தோறும் அறச்சிக்கல்களைக் கலந்துரையாடச் செய்தார். சில மாதங்களில் அவர்களுள் ஒரு பகுதியினர் ஒரு படி மேலே சென்றிருந்தனர். தம் காரணத்தைவிட ஒரு படி உயர்ந்த காரணத்தைச் சக மாணவரிடமிருந்து கேட்டதே அதற்கு உதவியது என்று அவர்கள் கருதினர். மூன்று படி மேலே நின்று ஆசிரியர் சொல்லும் அறிவுரை மாணவர் காதில் விழுமே தவிர, அவரது சிந்தனையைத் தொடாது.

ஆசிரியரின் வேலை கேள்வி கேட்பது. அவர் கதையின் ஒரு செய்தியை மட்டும் மாற்றுகிறார். "தேவிக்குத் தம்பியே இல்லை; மதியம் தூங்கிவிட்டதால் தாமதமாக வந்தாள் என்றால் உங்கள் முடிவு மாறுமா?" மாறும் என்று சொல்பவர், தாம் எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை, காரணத்தையும் பார்க்கிறோம் என்று உணர்கிறார். மாறாது என்பவர் ஏன் என்று விளக்க வேண்டும். பிறகு ஆசிரியர் நான்கு பெயர்களையும் சீட்டில் எழுதி மடித்து வைக்கிறார். "முதலில் பங்கீட்டு விதியை முடிவு செய்யுங்கள். அதன்பிறகு சீட்டு எடுங்கள். எந்தப் பெயர் வருகிறதோ அவருடைய பங்கே உங்களுக்கு" என்கிறார். கவினாக மட்டும் தம்மை எண்ணிக்கொண்டவர் இப்போது தேவியாகவும் குமரனாகவும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

இம்முறை தவறிப்போவதும் உண்டு. மாணவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த விடையை ஊகிக்கத் தொடங்கினால் கலந்துரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "பரிவு", "நன்றியுணர்வு" என்று தேர்வுக்கு மனனம் செய்த நெறிப் பெயர்களை மட்டும் ஒப்புவிப்பதும் அதன் அடையாளமே. அப்போது ஆசிரியர், "பரிவு என்கிறாய், அப்படியானால் கவினுக்கு எவ்வளவு கொடுப்பாய்?" என்று கேட்டால் போதும். எண்ணைச் சொல்ல வேண்டி வரும்போது மாணவர் சிந்திக்கத் தொடங்குவார். வகுப்பில் உண்மையாகவே தம்பியைப் பார்த்துக்கொள்ளும் மாணவி இருந்தால், அவரைச் சுட்டுவதுபோல் கதை அமையாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் கடமை.

கற்பனைக் கதை போதுமா என்ற கேள்வியும் நம் நாட்டிலேயே எழுந்துள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஷாலாச்சி பாலகிருஷ்ணன், மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தம் வாழ்வில் உண்மையாகச் சந்தித்த சிக்கல்களையே நன்னெறிக் கல்வி வகுப்பில் கலந்துரையாடச் செய்து ஆராய்ந்தார். அந்த ஆய்வை 2009இல் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். தம் சொந்தச் சிக்கலில் மாணவர் பெற்றோரையும் நண்பரையும் குடும்பத்தின் நிலைமையையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. உறவையும் அக்கறையையும் படிவரிசையில் தாழ்வாக வைத்தது சரியா என்று 1982இல் கரோல் கில்லிகன் கோல்பர்க்கைக் கேட்டதும் இதனால்தான். கோல்பர்க் முதலில் ஆராய்ந்தவர்கள் அனைவரும் ஆண்பிள்ளைகளே என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இன்னோர் எல்லையும் உண்டு. கதையில் நியாயமாகப் பேசிய சிறுவர்களுள் சிலர், உண்மையான சாக்லேட் கைக்கு வந்ததும் தமக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டதை டேமன் கண்டார். நன்றாகக் காரணம் சொல்பவர் நன்றாக நடந்துகொள்வார் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே கலந்துரையாடலில் கேட்ட காரணத்தைக் கொண்டு எந்த மாணவரையும் நல்லவர், கெட்டவர் என்று எடைபோடக் கூடாது.

பாடம் முடியும் முன் மாணவர்கள் அதே தாளின் பின்பக்கத்தில் தம் முடிவையும் காரணத்தையும் மீண்டும் எழுதுகிறார்கள். முடிவு மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. முன்பக்கத்தில் "சமமாகப் பிரித்தால் சண்டை வராது" என்று எழுதியவர் பின்பக்கத்தில், "சமமாகப் பிரிக்கலாம், ஆனால் பாதி வேலையைச் செய்த கவின் அதற்கு ஒப்புக்கொண்டால்தான்" என்று எழுதியிருந்தால் அவர் இன்னொருவர் இடத்தில் நின்று பார்த்துவிட்டார் என்று பொருள். ஆசிரியர் தேட வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.