நாவில் ஏறிய செப்புச் சுவை

2025ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், எங்கள் தமக்கையார் இரண்டு கவளம் சோறு உண்டதும் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார். “தம்பி, எதைத் தின்றாலும் செம்புக் காசைச் சப்புகிற மாதிரிக் கிடக்கு” என்றார். அவருக்கு அப்போது வயது 62. சமையலில் அவரை விஞ்சுவார் எங்கள் உறவில் எவருமில்லர். அத்தகையவர் உணவைக் கண்டு முகஞ்சுளித்தது எம்மைத் திடுக்கிடச் செய்தது.

முதலிற் பழி ஏற்றது அவருடைய பழைய மூக்குப்பேணி. அதைப் புளியிட்டு விளக்கினோம்; பின்னர் கண்ணாடிக் குவளைக்கு மாறினோம். பயனில்லை. அடுத்து, மூன்று வாரங்களுக்கு முன் முரசு வீங்கியபோது பல் வைத்தியர் கொடுத்த மெட்ரோனிடசோல் குளிசையின்மீது ஐயம் விழுந்தது. அந்த ஐயத்திற் பிழையில்லை. அம்மருந்து இரத்தத்தோடு நில்லாமல் உமிழ்நீரிலும் கலந்து வருவதால், நாக்கு அதனை நேராகவே சுவைக்கிறது. வாயில் உலோகத்தை வைத்தது போன்ற கசப்பு உண்டாகிறது. ஆயினும் மருந்து முடிந்து சில நாள்களில் அக்கசப்பு நீங்கிவிடுவதே வழக்கம். தமக்கையாருக்கோ ஐந்து நாள் மருந்து முடிந்து இரண்டு வாரமாகியும் சுவை மாறவில்லை. முரசின் வீக்கமும் வற்றி, இரத்தக் கசிவும் நின்றுவிட்டது.

இவ்விடத்தில், மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் நாகக் குளிசைகளைக் கொண்டுவந்தார். துத்தநாகம் என்றும் சொல்லப்படும் இவ்வுலோகம் சிறிதளவில் உடம்புக்கு இன்றியமையாதது. சுவையறியும் உயிரணுக்கள் ஏறக்குறைய பத்து நாள்களுக்கு ஒருமுறை புதிதாய்ப் பிறப்பவை. அவ்வாறு பிறப்பதற்கு நாகம் வேண்டும். நீடித்த வயிற்றோட்டம், குடல் நோய், ஈரல் நோய், மதுப் பழக்கம் ஆகியவற்றால் நாகம் குறைந்தோருக்குச் சுவை மங்குவது உண்மையே. தானியத்தையே பெரிதும் உண்பவர்களிடத்தும் குறை ஏற்படலாம். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஒரு பொருள் நாகத்தைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேரவிடாது. பயறை முளைகட்டுவதும் தோசை மாவைப் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். சைவ உணவினராகிய எமக்கு இச்செய்தி பெரிதும் உவப்பளித்தது.

ஆனால் குறை இல்லாதவருக்கு நாகம் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்க ஆய்வாளர் றொபட் ஹென்கினும் அவருடைய கூட்டாளிகளும், சுவையும் மணமும் கெட்டவர்களுள் சிலருக்கு நாகத்தையும் சிலருக்கு மருந்தற்ற வெறுங் குளிசையையும், எது யாருக்கு என்பது எவருக்கும் தெரியாதவாறு கொடுத்துப் பார்த்தனர். நாகம் வெறுங் குளிசையை விடச் சிறந்ததாக இல்லை என்பது 1976இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. இன்னொரு விந்தையும் உண்டு: நாகக் குளிசையே வாயில் உலோகச் சுவையைத் தரும்! தமக்கையார் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் நாகம் உண்டார். ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது 8 மில்லிகிராமே. 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் உண்டால் உடம்பிற் செம்பு குறைந்து இரத்தசோகை வரக்கூடும். அவருக்குக் குமட்டலும் சேர்ந்ததுதான் கண்ட பலன்.

இதற்கிடையில் எமது கண்ணுக்குத் தப்பிய காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சுவை மங்கியபடியால் தமக்கையார் சொதியில் ஒன்றுக்கு இரண்டாக உப்பிட்டார். மோர் மிளகாயும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்கவில்லை. அவர் இரத்த அமுக்கத்திற்கு மருந்துண்பவர். மாசியில் 146/88 ஆக இருந்த அமுக்கம் சித்திரைக் கிளினிக்கில் 172/100 ஆகக் காணப்பட்டது. கப்டோபிரில் குளிசை 25 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாக, முன்போலவே நாளுக்கு இருமுறை, உயர்த்தப்பட்டது. பத்து நாள்களில் செப்புச் சுவை முன்னையிலும் கடுமையாயிற்று. உடம்பு நான்கு கிலோ மெலிந்துவிட்டது.

அதன்பின்பே எங்கள் குடும்ப வைத்தியரிடம் சென்றோம். அவர் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் உறையோடு கொண்டுவரச் சொன்னார். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவையைப் பார்க்கச் சொன்னார். இரும்புச் சத்துக் குளிசையாலும் வாயிற் கசியும் இரத்தத்தாலும் தோன்றும் ‘உலோகச் சுவை’ பெரும்பாலும் மணமே. மூக்கைப் பொத்தினால் அது மங்கும். தமக்கையாருக்கு மங்கவில்லை. பின்னர் உப்பு நீரால் வாய் கொப்பளிக்கச் செய்தார். பல்லிலோ முரசிலோ சீழ் கசிந்தால் கொப்பளித்ததும் சற்று நேரமாவது சுவை தெளியும். அதுவும் நிகழவில்லை. வாய்க்குள்ளே காரணத்தைத் தேடுவதில் அதிகப் பயனில்லை என்பதற்கு இவை இரண்டும் குறிகள். முடிந்த முடிபு அல்ல.

அடுத்து அவர் கேட்டது, “இது தொடங்கிய நாள் எது?” என்பதே. பல்வலிக்குப் பின் என்று நாங்கள் ஒரே குரலிற் சொன்னோம். தமக்கையாரோ சிறிது யோசித்து, “இல்லை, தைப்பூசத்துப் பாயாசமே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது” என்றார். பல்வலி வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. கப்டோபிரில் தொடங்கியதோ தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம். நீரிழிவுக்குரிய மெட்போமினும் சிலருக்கு வாயைக் கெடுப்பதுண்டு. ஆனால் அதனை அவர் ஆறு ஆண்டுகளாக ஒரே அளவில் உண்டுவருகிறார். புதிதாய்த் தொடங்கிய மருந்தையும் அளவு மாறிய மருந்தையுமே முதலிற் பார்க்கவேண்டும் என்றார் வைத்தியர்.

கப்டோபிரில் உண்பவர்களில் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரை சுவை குன்றுவதாகக் காண்கின்றனர். அம்மருந்தின் அமைப்பிலுள்ள கந்தகம் நாகத்தைப் பற்றிக்கொள்ள வல்லது. சுவை கெடுவதற்கு அதுவே காரணமாகலாம் என்று கருதுகின்றனர். அளவு கூடக் கூட இத்தொல்லையும் கூடும். பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே இரண்டு மூன்று மாதத்தில் தானே தணிந்துவிடும். ஆகவே இலேசான தொல்லையாயின் பொறுத்துப் பார்க்கலாம். இங்கே அவ்வாறு பொறுக்க இடமில்லை. மருந்து சுவையைக் கெடுத்தது. கெட்ட சுவை உப்பைக் கூட்டியது. உப்பு அமுக்கத்தை ஏற்றியது. ஏறிய அமுக்கம் மருந்தைக் கூட்டியது. செக்கு மாடு போல் ஒரே வட்டத்திற் சுற்றிக்கொண்டிருந்தோம்.

வைத்தியர் நாகக் குளிசையை நிறுத்தினார். கிளினிக் வைத்தியருக்குக் கடிதம் எழுதி, கப்டோபிரிலுக்குப் பதிலாக வேறு வகை மருந்தை அன்றே தொடங்கினார். அயலார் ஒருவர், “குளிசையை விட்டுவிடுங்கோ, எல்லாம் சரிவரும்” என்று முன்னரே சொல்லியிருந்தார். அதனைக் கேட்டிருப்போமாயின், 172இல் நின்ற அமுக்கம் மருந்தின்றி எங்கே போய் நின்றிருக்குமோ என்று எண்ண இன்றும் எமக்கு நடுக்கமே.

சுவை ஒரே நாளில் மீளவில்லை. முதற் பத்து நாள் மாற்றமே இல்லை. தமக்கையார் நம்பிக்கை இழந்தார். மூன்றாம் வாரத்தில் தேசிக்காயின் புளிப்பு தெரிந்தது. ஆறாம் வாரத்தில் தாம் வைத்த சொதியைத் தாமே வாயில் வைத்துப் பார்த்து, “ஐயோ, இவ்வளவு உப்பை ஆர் போட்டது?” என்று கேட்டார். ஆடி மாதத்தில் அமுக்கம் 138/84.

எல்லாருக்கும் காரணம் மருந்தாகத்தான் இருக்கும் என்பதில்லை. தடிமன், கொவிட் போன்ற தொற்றுகளும் கர்ப்பகாலமும் சுவையை மாற்றும். சிறுநீரகம் தளர்ந்தாலும் வாயில் உலோகச் சுவை தோன்றும். காலில் வீக்கமும் அரிப்பும் அசதியும் உடன் வந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முகத்தின் ஒரு பக்கம் திடீரெனத் தொய்ந்து சுவையும் மாறினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.