'போயிருந்தேன்' எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் நாம் எப்படிக் கேட்கிறோம்? "யார் யார் வந்திருந்தாங்க?" "யார் யார் வந்தாங்க?" என்று கேட்பவர்களும் உண்டு, ஆனால் முதல் கேள்விதான் காதுக்கு இயல்பாக இருக்கிறது. இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கும்போது நம்மில் பலர் 'ஹூ ஆல் ஹேட் கம்' என்று ஆரம்பிக்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது பாதியில் நின்ற வாக்கியம் மாதிரி படும். 'எதற்கு முன்னால் வந்திருந்தார்கள்?' என்று அவர் மனம் கேட்கும். நம் கேள்வியில் 'முன்னால்' எதுவுமே இல்லை.

மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும்போது இந்த 'இருந்தது'தான் என்னை அதிகமாக நிறுத்துகிறது. பள்ளியில் 'செய்திருந்தான்' என்றால் பாஸ்ட் பெர்ஃபெக்ட், 'ஹேட் டன்' என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். இரண்டும் முக்கால்வாசி ஒத்துப்போகும். மிச்சமிருக்கும் கால்வாசியில்தான் தகராறு.

முதலில் ஆங்கிலப் பக்கம். ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற தத்துவவாதி 1947இல் வெளிவந்த தர்க்கவியல் புத்தகம் ஒன்றில் இதற்கு ஒரு எளிய விளக்கம் கொடுத்தார். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் மூன்று நேரங்கள் இருக்கின்றன. காரியம் நடந்த நேரம் ஒன்று. நாம் பேசுகிற நேரம் ஒன்று. மூன்றாவது, எந்த இடத்தில் நின்றுகொண்டு அந்தக் காரியத்தைப் பார்க்கிறோமோ அந்த நேரம். சாதாரண இறந்தகாலத்தில் நடந்த நேரமும் பார்க்கும் நேரமும் ஒன்றுதான். பாஸ்ட் பெர்ஃபெக்டில் மூன்றும் தனித்தனி: காரியம் முதலில் நடந்து முடிந்தது, அதற்குப் பிறகான ஒரு பழைய கணத்தில் நின்று அதைத் திரும்பிப் பார்க்கிறோம், இதையெல்லாம் இப்போது சொல்கிறோம். ஆகவே 'ஹேட்' வந்த உடனே ஆங்கில வாசகர் அந்த நடுப்புள்ளியைத் தேடுவார். 'ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே' என்று நிறுத்திவிட்டால் நடுப்புள்ளி எங்கேயும் இல்லை. இந்திய ஆங்கிலத்தில் அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் பழக்கம் இது.

தமிழ்ப் பக்கம் கதை வேறு. நம் இலக்கணத்தில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்றுதான். 'முன்னரே நடந்து முடிந்தது' என்பதற்கென்று தனி இடைநிலை கிடையாது. 'வந்து' என்ற வினையெச்சத்தோடு 'இரு' என்ற வினையைச் சேர்த்து, அதை இறந்தகாலத்தில் வைக்கிறோம். அந்த 'இரு' துணைவினையாகிவிட்டாலும் தன் பழைய பொருளை முழுக்க விட்டுவிடவில்லை. 'வந்திருந்தாங்க' என்றால் வந்து, அங்கே இருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் நின்று சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி. தாலி கட்டுவதற்கு முன்னால் வந்தார்களா, பின்னால் வந்தார்களா என்பது அல்ல.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமா? 'அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்', 'திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.' இவற்றில் முன், பின் என்ற பேச்சே இல்லை. அந்த நேரத்து நிலை மட்டுமே. 'ஹேட் வோர்ன்', 'ஹேட் சாட்' என்று இவற்றை மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். ஆக தமிழ் 'இருந்தது'வின் முதல் வேலை ஒரு பழைய கணத்தில் நிலவிய நிலையைக் காட்டுவது. நிலை இருந்தால் அதை உண்டாக்கிய செயல் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும், இல்லையா? அந்த வழியாகத்தான் வரிசை வருகிறது. ஆங்கிலத்தில் வரிசைதான் முதல், நிலை அதிலிருந்து வரலாம், வராமலும் போகலாம்.

வரிசை எங்கே நிஜமாகவே முக்கியம் என்று கேட்டால், ஒரு புரோநோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாக்கியங்கள்:

'நான் கையெழுத்துப் போட்டபோது அவர் தொகையை எழுதினார்.'

'நான் கையெழுத்துப் போட்டபோது அவர் தொகையை எழுதியிருந்தார்.'

முதலாவதில் கையெழுத்து விழும் நேரத்தில் தொகைக்கான இடம் காலி, அல்லது அப்போதுதான் நிரம்புகிறது. இரண்டாவதில் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'வெறும் தாளில் கையெழுத்து வாங்கிட்டாங்க' என்பது கடன் வழக்குகளில் கேட்டுக்கேட்டுப் பழகிய வாதம். அந்த வாதம் நிற்பதும் விழுவதும் இங்கே ஒரு துணைவினையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் 'ரோட்' என்பதற்கும் 'ஹேட் ரிட்டன்' என்பதற்கும் நடுவே அசட்டையாக இருக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள், 'போது' என்ற சொல்லால்தான் இங்கே இவ்வளவு எடை. அது இரண்டு காரியங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்குமே தவிர எது முந்தியது என்று சொல்லாது. 'நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர் தொகையை எழுதினார்' என்று மாற்றிப் பாருங்கள். 'முன்பே' வந்துவிட்டது, வரிசை தீர்ந்தது, 'எழுதியிருந்தார்' அவசியமில்லை. ஆங்கிலத்திலும் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' வந்துவிட்டால் சாதாரண இறந்தகாலமே பெரும்பாலும் போதும். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு, வினையெச்சச் சங்கிலி. 'குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.' நான்கு காரியங்கள், ஒரே முற்று, வரிசையில் சந்தேகமே கிடையாது. ஆங்கிலத்தில் 'ஹேட்' செய்யும் வேலையில் பெரும்பங்கை நம்ம ஊரில் 'விட்டு' சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

சரி, கதை சொல்லும்போது இது எங்கே தேவைப்பட்டும் காணாமல் போகிறது? கதை முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு அடி பின்னால் வைக்கிற இடத்தில். உதாரணமாக நானே எழுதியது:

'சாயங்காலம் செல்வி கடைக்குப் போனாள். கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டாள்.'

பூட்டிய கடையில் யார் வந்து பாக்கி கேட்டது? கேட்டது காலையில். வாசகர் சாதாரண இறந்தகாலங்களை மணி கோர்ப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டே போவார், நீங்கள் தடுத்தால் ஒழிய. 'காலையில் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டிருந்தார்' என்று ஒரு இடத்தில் தடுத்தால் போதும். அதற்கு அடுத்த வரியைத் தொடவே வேண்டாம். 'பதில் சொல்லாமல் வந்துவிட்டாள்' தானாகவே காலைக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கடைசி விஷயம் தெரியாததால்தான் எதிர்ப்பக்கத் தவறு நடக்கிறது. பின்னோக்குப் பகுதி முழுக்க 'இருந்தது' போட்டு நிரப்புவது:

'முருகேசன் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மனைவி ஊருக்குப் போயிருந்தாள். அவள் தம்பி வந்திருந்தான். அவர்களுக்குள் சண்டை நடந்திருந்தது. அவள் அழுதிருந்தாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள்.'

ஓசை சலிப்பாக இருக்கிறது என்று பலரும் இதைச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெரிய கோளாறு ஓசையில் இல்லை. சண்டை முதலா, அழுகை முதலா? தம்பியோடு சண்டையா, இல்லை தம்பி வந்து சமாதானம் செய்தானா? சாவி கொடுத்தது அழுவதற்கு முன்னாலா? இந்த வரிகள் எல்லாமே முருகேசன் வாசலில் நிற்கும் அந்த ஒரே கணத்தோடு தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று உறவில்லை. வரிசைக்காகப் போட்ட சொல்லே வரிசையைத் தின்றுவிட்டது.

சரிசெய்வது சுலபம்:

'முருகேசன் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. காலையிலேயே மனைவியின் தம்பி வந்திருந்தான். ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டான். அவள் மறுத்தாள், சண்டை வந்தது. கடைசியில் அழுதுகொண்டே சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவனோடு கிளம்பினாள். முருகேசன் இப்போது அந்தச் சாவியை வாங்கப் போனான்.'

'வந்திருந்தான்' என்ற ஒன்று கதவைத் திறந்து நம்மைக் காலைக்குக் கூட்டிப்போகிறது. உள்ளே போனபின் சாதாரண இறந்தகாலம் தன் இயல்பான வரிசையில் ஓடுகிறது. வெளியே வரும்போது 'முருகேசன் இப்போது' என்று ஒரு அடையாளம். பலர் மறப்பது இந்த வெளியேறும் வாசலைத்தான். பின்னோக்கு நீண்டு ஒரு பக்கத்தைத் தாண்டினால், முடிகிற இடத்தில் இன்னொரு 'இருந்தாள்' போட்டு மூடுவதும் உதவும்: 'அவன் வரும்போது அவள் பஸ் ஏறியிருந்தாள்.'

கதைகளை விட்டுவிட்டுச் செய்திகளுக்கு வந்தால், இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'அமைச்சர் தெரிவித்திருந்தார்', 'மூவர் கைது செய்யப்பட்டிருந்தனர்' என்று சாதாரண இறந்தகாலம் வர வேண்டிய இடத்திலேயே இந்த வடிவம் சகஜமாக வருகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகையில் அது 'தெரிவித்தார்' என்றே இருக்கும். அங்கே அது ஒரு நடையாகவே ஊன்றிவிட்டது, அந்த வாசகர்களுக்குக் குழப்பமும் இல்லை. அதனால் பிழை என்று முத்திரை குத்த எனக்கு மனசில்லை. ஒரு நஷ்டம் மட்டும் இருக்கிறது. இன்று ஒரு வரியைத் 'தெரிவித்திருந்தார்' என்று எழுதிவிட்டால், அதே அமைச்சர் போன வாரம் அதை மறுத்ததைச் சொல்ல எந்த வடிவம் மிச்சம்? 'மறுத்திருந்தார்' என்பதில் இனிமேல் 'முன்பு' இல்லை. 'கடந்த வாரம்', 'ஏற்கெனவே' என்று சொற்களைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக எதிர்மறை. இதில் தமிழ் ஆங்கிலத்தைவிட்டு நன்றாகவே விலகுகிறது. 'நான் போனபோது டாக்டர் வரவில்லை.' இதை ஆங்கிலத்தில் 'ஹேட் நாட் கம்' என்றுதான் பெயர்க்க வேண்டும், 'டிட் நாட் கம்' என்றால் அன்று முழுக்க வரவேயில்லை என்று ஆகிவிடும். ஆனால் தமிழில் 'வரவில்லை' போதும். சந்தேகம் வந்தால் 'இன்னும் வரவில்லை'. 'வந்திருக்கவில்லை' என்ற வடிவம் இலக்கணப்படி சரி, மொழிபெயர்ப்பு நாவல்களில் நிறையக் கிடைக்கும். பேச்சில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரி வாசலில் யாரும் 'டாக்டர் வந்திருக்கலை' என்று புலம்புவதில்லை. 'நான் போறப்ப டாக்டர் இன்னும் வரலை, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்' என்பார்கள். அந்த 'உட்கார்ந்திருந்தேன்'இல் வருவதும் அதே 'இருந்தது'தான். அங்கே அது எந்த வரிசையையும் சொல்லவில்லை, ஒரு மணி நேரத்தைச் சொல்கிறது.